தலா வருமானம் கூடினால் வாழ்க்கை கூடிவிட்டதா? கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஈரோட்டில் பொருளாதாரம் நடத்துகிறேன். பனியன் கம்பெனி வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள், தறி ஓட்டிக்கொண்டே படிப்பவர்கள், தோட்டத்துச் சாளையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் எனப் பலர். தலா வருமானம் என்ற பாடம் வந்தாலே அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதில் இன்னொன்றின் மேல் நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

"தமிழ்நாட்டுத் தலா வருமானம் 2.78 லட்சம்னு போட்டிருக்குதுங்க. எங்க வீட்டுல நாலு பேரு. அப்ப வருசத்துக்கு 11 லட்சம் வரோணும். எங்கீங்க அந்தக் காசு?"

2022-23ஆம் ஆண்டுக்கு மாநில அரசின் பொருளாதார ஆய்வறிக்கை தந்த எண் அது. யாருடைய சம்பளத்தையும் அது சொல்லவில்லை. மாநில எல்லைக்குள் ஓராண்டில் உண்டான பொருள்கள், சேவைகள் எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி, இயந்திரம் கட்டடம் இவற்றின் தேய்மானத்தைக் கழித்து, மக்கள்தொகையால் வகுத்தால் வருவது. கம்பெனிகள் யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட லாபமும் இதற்குள் இருக்கிறது. இங்கே ஆலை வைத்திருக்கும் வெளியூர் முதலாளிக்குப் போகிற லாபமும் இருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுத்துக்கொண்டதாக ஒரு தொகையைப் போட்டு அதையும் சேர்ப்பார்கள். இதில் எதுவும் உங்கள் கைக்கு ரூபாயாக வராது.

மிச்சம் சராசரியின் வேலை. ஒரு பனியன் கம்பெனியில் 19 தொழிலாளிகள், ஆளுக்கு வருசம் 2 லட்சம். முதலாளிக்கு 62 லட்சம். மொத்தம் ஒரு கோடி, 20 பேருக்கு வகுத்தால் தலைக்கு 5 லட்சம். அந்தக் கம்பெனியில் 5 லட்சம் வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. அடுத்த வருசம் முதலாளிக்கு 82 லட்சம் வருகிறது, மற்ற 19 பேருக்கும் அதே 2 லட்சம்தான் என்று வையுங்கள். தலா வருமானம் 6 லட்சமாகிவிடும், வளர்ச்சி 20 சதவீதம் என்று எழுதுவார்கள். கணக்கில் பொய் ஒன்றும் இல்லை. பங்கு எப்படிப் பிரிந்தது என்பதை மட்டும் அது சொல்லாது.

"திருப்பூருல தலா வருமானம் எச்சாங்கிறாங்க. ஆனா அங்க தைக்கிறதுல பாதி ஆளு வடக்கத்திக்காரங்க. அவங்களும் அந்தத் தலைக்கணக்குல உண்டுங்களா?"

நல்ல கேள்வி. மாவட்ட வருமானம் என்பது அந்த மாவட்டத்தில் உற்பத்தியானதன் மதிப்பு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் தைத்த பனியனின் மதிப்பு திருப்பூர் கணக்கில் முழுசாக ஏறிவிடும். அவர் சம்பளத்தில் ஊருக்கு அனுப்புகிற பணத்தை யாரும் அதிலிருந்து கழிப்பதில்லை.

வகுக்கும் எண்தான் அடுத்த சிக்கல். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு மதிப்பீடு செய்கிறார்கள். அதற்குப் பிறகு வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் ஆட்கள் அந்த மதிப்பீட்டில் முழுசாக வந்திருக்க வாய்ப்பில்லை. மேலே இருக்கும் எண்ணில் அவர்கள் உழைப்பு இருக்கிறது, கீழே வகுக்கும் எண்ணில் அவர்கள் தலை குறைகிறது. ஆகவே வந்தேறித் தொழிலாளர் நிறைந்த எந்த மாவட்டத்தின் தலா வருமானத்தையும் கொஞ்சம் உப்பிய எண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

"மாடு கறக்கறது கணக்குல வருமாமா, சோறாக்கறது வராதாமா. நெசமாலுங்களா?"

நிஜம்தான். சொசைட்டிக்கு ஊற்றும் பால் மட்டுமல்ல, வீட்டுக்கென்று எடுத்து வைக்கும் பாலும் நாட்டு வருமானத்தில் சேரும். வீட்டுக்காகச் செய்தாலும் அது பொருள் உற்பத்தி என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி. அதே பாலைக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுப்பது, சோறாக்குவது, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வது, இவை சம்பளமில்லாத சேவை என்று வெளியே நிற்கும். அதே மாமியாருக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அந்த நிமிடமே வருமானம் ஏறும்.

இது சின்ன விடுபடல் அல்ல. 2019இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்ததாகச் சொன்ன ஆண்களுக்கு அது 97 நிமிடம். ஒரு நாளில் ஏறக்குறைய ஐந்து மணி நேர உழைப்பு எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போகிறது.

"அப்ப அந்தக் கணக்கே தப்புன்னு சொல்றீங்களா?"

இல்லை. ஒரு நாடு எவ்வளவு உற்பத்தி செய்கிறது, அரசுக்கு எவ்வளவு வரி வரும், எவ்வளவு கடனைத் தாங்கும் என்பதற்கெல்லாம் அதைவிட நல்ல அளவு இல்லை. அமெரிக்காவுக்கு முதலில் இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே 1934இல் தன் அறிக்கையில் எச்சரித்துவிட்டார், ஒரு நாட்டின் நலனை அதன் வருமான அளவை வைத்து முடிவுகட்ட முடியாதென்று. உற்பத்தியை அளக்கச் செய்த எண்ணை வாழ்க்கையை அளக்க எடுத்தது பின்னால் வந்தவர்கள் செய்த வேலை.

"ஏனுங்க, காசு இருந்தா படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் தானா வந்துராதுங்களா?"

என் வகுப்பில் அதிகம் பேர் நம்புவது இதைத்தான். கொங்கு நாட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். மஞ்சள் மண்டி, ஜவுளிச் சந்தை, கால்வாய்ப் பாசனம் என்று காசு புழங்கும் ஈரோடு மாவட்டத்தில் 72.58 சதவீதம். மழை பொய்க்கும் ஊர், வானம் பார்த்த பூமி என்று நாம் பேசும் ராமநாதபுரத்தில் 80.72 சதவீதம். தலா வருமானத்தில் ஈரோடு மேலே, எழுத்தறிவில் எட்டு புள்ளி கீழே. நாமக்கல், சேலம், கரூர் எல்லாமே அந்த ஆண்டில் மாநில சராசரிக்குக் கீழேதான் இருந்தன.

காரணம் ஒன்றல்ல. பர்கூர், தாளவாடி மலைக் கிராமங்கள் ஈரோட்டுக் கணக்கில் வருகின்றன. கொங்கில் வீடுகள் ஊராகச் சேர்ந்து இல்லாமல் தோட்டம் தோட்டமாகத் தள்ளித் தள்ளி இருந்ததால் பள்ளிக்கூடம் தூரம். இவற்றோடு, வேலை சுலபமாகக் கிடைத்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். எட்டாவது படிக்கும் பையனுக்குத் தறிப்பட்டறையிலோ பனியன் கம்பெனியிலோ சனிக்கிழமை கூலி கைக்கு வருமென்றால் பள்ளிக்கூடம் அதோடு போட்டி போடவேண்டியிருக்கும். அவன் பள்ளியை விட்ட அன்றைக்குக் குடும்ப வருமானமும் மாவட்ட வருமானமும் கூடவே செய்யும்.

அமர்த்தியா சென் வலியுறுத்திய விஷயமும் இதை ஒட்டியதே. வருமானம் ஒரு வழி. அதைக்கொண்டு ஒரு மனிதர் எப்படி இருக்க முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். ஒரே வருமானம் இருந்தாலும் சிறுநீரகம் கெட்டவருக்கும் நல்ல உடம்புக்காரருக்கும் அது ஒரே வாழ்க்கையைத் தருவதில்லை.

"சரி, மனித மேம்பாட்டுக் குறியீடுன்னு ஒண்ணு இருக்குதே, அதை எப்படிப் போடறாங்க? ஒருக்கா போட்டுக் காட்டுங்க."

பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, சென் துணையோடு, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990இல் கொண்டுவந்தது. ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் 0 முதல் 1 வரையான அளவுக்கு மாற்றிச் சேர்க்கிறார்கள். 2023ஆம் ஆண்டுக்கான இந்தியக் கணக்கைப் போடுவோம்.

சராசரி ஆயுள் 72 வருடம். ஆயுளுக்குக் கீழ் எல்லை 20, மேல் எல்லை 85. ஆக, 72இல் 20 போனால் 52, அதை 65ஆல் வகுத்தால் 0.80. படிப்பில் இரண்டு எண்கள். இன்றைக்குப் பள்ளியில் சேரும் குழந்தை எத்தனை வருடம் படிக்கும் என்ற எதிர்பார்ப்பு 13, அதற்கு மேல் எல்லை 18, எனவே 0.72. இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் உண்மையில் படித்து முடித்த சராசரி 6.9 வருடம், மேல் எல்லை 15, எனவே 0.46. இரண்டின் சராசரி 0.59. வருமானம் தலைக்கு 9,047 டாலர். இங்கே டாலர் என்பது ஊருக்கு ஊர் விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டிய டாலர். எல்லைகள் 100, 75,000. மடக்கை போட்டு மாற்றினால் 0.68.

மூன்றையும் பெருக்கி மூன்றாம் மூலம் எடுத்தால் 0.685. அறிக்கையில் அச்சாகியிருப்பதும் அதேதான், 193 நாடுகளில் 130ஆம் இடம். கைப்பேசிக் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். எந்த எண் நம்மைக் கீழே இழுக்கிறது என்பது போடும்போதே தெரியும். பெரியவர்கள் படித்த 6.9 வருடம்தான். ஈரோட்டு எழுத்தறிவு எண்ணிலும் இதே கதை உண்டு. இன்று பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் இருந்தாலும், அப்பத்தா காலத்து இழப்பு இன்னும் பல வருடம் சராசரியில் நிற்கும்.

"வருமானத்துக்கு மட்டும் ஏனுங்க மடக்கை?"

பத்தாயிரம் வாங்குபவருக்கு இன்னொரு பத்தாயிரம் வந்தால் வீடே மாறும். பத்து லட்சம் வாங்குபவருக்கு அது கண்ணில் படாது. மடக்கை போட்டால் வருமானம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் வருமானத்துக்கான எண் ஒரே அளவு, ஏறக்குறைய 0.105 கூடும். 5,000 டாலர் 10,000 ஆனாலும் 30,000 டாலர் 60,000 ஆனாலும் அதே 0.105தான். 75,000க்கு மேல் எவ்வளவு ஏறினாலும் ஒன்றும் கூடாது.

"மூணையும் கூட்டி மூணால வகுத்தாப் போதாதா? எதுக்குப் பெருக்கி மூலமெல்லாம்?"

2010 வரை கூட்டித்தான் வகுத்தார்கள். அதில் ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடித்துவிடலாம். மேலே பார்த்த 0.80, 0.59, 0.68 மூன்றையும் கூட்டி வகுத்தால் 0.69. இப்போது படிப்பை 0.30க்கு இறக்கி, வருமானத்தை 0.97க்கு ஏற்றுங்கள். கூட்டி வகுத்தால் அதே 0.69. பாதிப் பேர் பள்ளி பார்க்காத பணக்கார நாடும் நம் நாடும் ஒன்று என்றாகிவிடும். பெருக்கி மூலம் எடுத்தால் அந்த நாட்டுக்கு 0.615தான் வரும். ஏதாவது ஒன்று மோசமாகக் கிடந்தால் மொத்தமும் இறங்கும்படி 2010இல் மாற்றினார்கள்.

"இதுலயும் சராசரிதானே? முதலாளி புள்ளையும் தொழிலாளி புள்ளையும் சேத்துத்தானே போடறாங்க?"

ஆமாம். முதல் கேள்வியில் பார்த்த 20 பேர் கம்பெனியின் சிக்கல் இங்கேயும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் 2010இலேயே ஏற்றத்தாழ்வைக் கழித்த குறியீடு ஒன்றையும் சேர்த்தார்கள். ஆயுள், படிப்பு, வருமானம் ஒவ்வொன்றிலும் மக்களுக்குள் இடைவெளி எவ்வளவு என்று பார்த்து, இடைவெளிக்குத் தக்கபடி வெட்டுவார்கள். எல்லாரும் சமமாக இருந்தால் வெட்டே இல்லை. இந்தியாவுக்கு 2023 கணக்கில் 30.7 சதவீதம் வெட்டு. 0.685 இறங்கி 0.475 ஆகிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. ஆயுளுக்கு ஒரு கணக்கெடுப்பு, வருமானத்துக்கு வேறொன்று என்று தகவல் தனித்தனியாக வருவதால், படிப்பில்லாதவரும் நோயாளியும் ஏழையும் ஒரே ஆளா, மூன்று வெவ்வேறு ஆட்களா என்பது இதற்குத் தெரியாது. ஒரே வீட்டின் மேல் மூன்றும் விழுந்தால் அந்த வீடு எழுந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். அதைப் பார்க்க அடுத்த அளவு வேண்டும்.

"பக்கத்து லைன் வீட்டுல ரெண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் பாக்கறாங்க, நல்ல சம்பளம். அவங்களைப் போயி ஏழைன்னு கணக்கு எடுப்பாங்களாமா?"

பல்பரிமாண வறுமைக் குறியீடு அப்படிச் சொல்ல வாய்ப்புண்டு. அது வருமானத்தைக் கேட்பதே இல்லை. ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பத்து விஷயம் பார்க்கும். உடல்நலத்தில் இரண்டு: சத்துக்குறைவு, குழந்தை இறப்பு. படிப்பில் இரண்டு: வீட்டில் யாராவது ஆறு வருடமாவது படித்திருக்கிறார்களா, பள்ளி வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா. இந்த நான்குக்கும் ஆறில் ஒரு பங்கு மதிப்பு. பிறகு சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, சாமான்கள் ஆகிய ஆறுக்கும் பதினெட்டில் ஒரு பங்கு. குறைகளைக் கூட்டி மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அந்த வீடு வறுமையில் இருக்கிறது.

நீங்கள் சொன்ன மாதிரி ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள், புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஐந்தாவதோடு நின்றவர்கள். பத்து வயது மகள் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள், பள்ளியில் சேர்க்கவில்லை. எட்டு வீட்டுக்கு ஒரே கழிப்பறை. கேஸ், கரண்ட், தண்ணீர், டிவி எல்லாம் இருக்கிறது. பெரியவர்கள் படிப்புக்குப் பதினெட்டில் மூன்று, மகள் பள்ளி போகாததற்கு மூன்று, பொதுக் கழிப்பறை குறையாகவே எண்ணப்படும் என்பதால் ஒன்று. மொத்தம் பதினெட்டில் ஏழு, ஏறக்குறைய 39 சதவீதம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் வறுமைக் கணக்கில் விழுகிறார்கள்.

அந்தப் பெண்ணைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் பதினெட்டில் நான்கு, 22 சதவீதம், கோட்டைத் தாண்டிவிடுவார்கள். அப்போதும் விளிம்பில் இருக்கும் குடும்பம் என்று தனியாகக் குறிப்பார்கள். எதைச் சரிசெய்தால் யார் வெளியே வருவார்கள் என்று பெயர் சொல்லாத குறையாகக் காட்டுவதால் இந்த அளவு எனக்கு மிகவும் பிடிக்கும். நம் நிதி ஆயோக் இதோடு தாய்சேய் நலம், வங்கிக் கணக்கு இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டாக வைத்திருக்கிறது. 2019-21 கணக்கில் நாடு முழுக்க 14.96 சதவீதம் பேர், தமிழ்நாட்டில் 2.20 சதவீதம் பேர்.

"நொய்யலைச் சாயத்தண்ணியில கெடுத்தாங்களே, அந்த நட்டத்தை எந்தக் கணக்குலயாவது கழிச்சாங்களா?"

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னிமலை, காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகள். சாயப்பட்டறையில் துணிக்கு ஏறிய மதிப்பு முழுசாக வருமானத்தில் சேர்ந்தது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது. அது சாயக்கழிவுத் தேக்கமாகி, எங்கள் வயலுக்குத் தண்ணீர் விடாதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. கீழே விளைச்சல் குறைந்தால் அந்தக் குறைவு அந்த வருட விவசாயக் கணக்கில் தெரியும், அதை மறுக்க முடியாது. ஆனால் மண்ணும் கிணறும் உப்பேறிக் கெட்டது ஒரு சொத்து அழிந்த மாதிரி. தறிக்கும் பாய்லருக்கும் தேய்மானம் கழிக்கிறார்கள், கிணற்றுக்குக் கழிப்பதில்லை. மாறாக, கிணறு கெட்டதால் விற்ற லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் வருமானத்தில் கூடவே சேர்ந்தன. போர்வெல்லும் அப்படித்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி இறக்கிப் புழுதி மட்டும் வந்தாலும் அந்தக் கூலி நாட்டு வருமானம்.

விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்தபின் திறக்கலாம் என்றது. பட்டறைகள் மூடியது உற்பத்திக் கணக்கில் இழப்பாகத் தெரியும். ஆறு கொஞ்சம் மூச்சு விட்டது எந்த வரியிலும் வராது.

மனித மேம்பாட்டுக் குறியீட்டிலும் இது இல்லை. 2020இல் பூமியின் மேல் ஏற்றும் சுமையைக் கழிக்கும் குறியீடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது பார்ப்பது இரண்டே இரண்டு, தலைக்கு எவ்வளவு கரியமில வாயு, தலைக்கு எவ்வளவு மூலப்பொருள். நொய்யல் அதிலும் தெரியாது. 2025இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு விதிகள், இயற்கை வளம் எடுத்துத் தீர்வதை உற்பத்திச் செலவாகக் கழிக்கச் சொல்கின்றன. அது நல்ல திருப்பம். நாடுகள் அதைக் கணக்கில் கொண்டுவரச் சில வருடங்கள் ஆகும்.

"பொட்டப்புள்ள வேண்டாம்னு கருவுலயே அழிச்சாங்களே, அது மனித மேம்பாட்டுல தெரியுமா?"

தெரியாது, இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகள்தான். மாநில அளவில் 942. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது காரணமில்லாமல் இல்லை. வருமானம், ஆயுள், படிப்பு மூன்றும் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே இது நடந்தது.

பெண்களின் நிலையை அளக்க ஐ.நா. தனிக் குறியீடுகள் வைத்திருக்கிறது. ஒன்று ஆணின் ஆயுள், படிப்பு, வருமானத்தோடு பெண்ணுடையதை ஒப்பிடும். இன்னொன்று பேறுகால இறப்பு, இளவயதுப் பிள்ளைப்பேறு, நாடாளுமன்ற இடங்கள், உயர்நிலைப் படிப்பு, வேலைக்குப் போவது ஆகியவற்றைப் பார்க்கும். எல்லாமே உயிரோடு இருக்கும் பெண்களைப் பற்றியவை. பிறக்கவே விடாத பெண்ணைக் காட்ட, குழந்தைப் பாலின விகிதத்தைத் தனியாக எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"ராத்திரி எட்டரை வரைக்கும் தைச்சா சம்பளம் எச்சா வருது, தூக்கம் போகுது. தூக்கத்துக்கு யாரும் கணக்கு வெக்கலையா?"

பூட்டான் வைத்திருக்கிறது. அவர்களுடைய மொத்த மகிழ்ச்சிக் கணக்கில் ஒன்பது துறைகள், அதில் ஒன்று நேரம். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் குறை, எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் குறை. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் அங்கே இரண்டிலும் தேற மாட்டார். வருமானமும் மனித மேம்பாட்டுக் குறியீடும் அந்தக் கூடுதல் நான்கு மணி நேரத்தை லாபமாக மட்டுமே பார்க்கும்.

செய்தித்தாளில் வருடா வருடம் வரும் உலக மகிழ்ச்சிப் பட்டியல் வேறு. ஒவ்வொரு நாட்டிலும் சுமார் ஆயிரம் பேரிடம், பத்துப் படி ஏணியில் உன் வாழ்க்கை எந்தப் படியில் இருக்கிறது என்று ஒரே கேள்வி கேட்டு, மூன்று வருடச் சராசரி எடுக்கிறார்கள். வருமானம், ஆயுள், ஊழல் எல்லாவற்றையும் கூட்டிப் பட்டியல் போடுவதாக வகுப்பில் பலர் நினைக்கிறார்கள். அவை விளக்கத்துக்குத்தான், இடம் ஏணிப் பதிலில் இருந்து மட்டுமே வருகிறது. ஆயிரம் பேரை வைத்து மாவட்டக் கணக்கு போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

"பணக்கார நாடெல்லாம் மேல, ஏழை நாடெல்லாம் கீழ. ரெண்டு பட்டியலும் ஒரே மாதிரிதானுங்களே இருக்குது? அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே மாதிரிதான். வருமானமே குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கு, ஆயுளும் படிப்பும் அதோடு சேர்ந்து நகர்பவை. விஷயம் இரண்டும் விலகும் இடத்தில் இருக்கிறது. திருப்பூருக்குப் பின்னலாடையில் போட்டியாக இருக்கும் பங்களாதேஷை எடுங்கள். 2023 கணக்கில் அவர்கள் வருமானம் தலைக்கு 8,498 டாலர், நம்மைவிடக் குறைவு. படிப்பும் நம்மைவிடத் துளி குறைவு. ஆயுள் 74.7, நம்மைவிட இரண்டே முக்கால் வருடம் அதிகம். குறியீடு அதே 0.685, அதே 130ஆம் இடம். குறைந்த காசில் கூடுதல் ஆயுளை எப்படி எடுத்தார்கள் என்ற கேள்வியை வருமானப் பட்டியல் எழுப்பவே எழுப்பாது.

"மூணுக்கும் சம பங்குன்னு யார் முடிவு பண்ணினாங்க? ஒரு வருச ஆயுளுக்கு என்ன விலை?"

வகுப்பிலேயே கடினமான கேள்வி இது. சம பங்கு என்பது ஒரு முடிவு, அவ்வளவுதான், அதற்கு நிரூபணம் கிடையாது. அந்த முடிவுக்குள் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. மேலே போட்ட இந்தியக் கணக்கில் ஆயுளை 72இலிருந்து 73 ஆக்குங்கள். குறியீடு அதே அளவு ஏற, ஆயுளுக்குப் பதில் வருமானத்தை ஏற்றினால் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். ஏறக்குறைய 820 டாலர் போதும். ஆயுள் 82, வருமானம் 60,000 டாலர் உள்ள ஒரு நாட்டுக்கு இதையே போட்டால் கிட்டத்தட்ட 6,500 டாலர் வரும்.

அதாவது இங்கே ஒருவர் ஒரு வருடம் கூடுதலாக வாழ்வதற்குக் குறியீடு வைத்த விலை அங்கே வைத்த விலையில் எட்டில் ஒரு பங்கு. பொருளியலாளர் மார்ட்டின் ரவாலியன் இதைத்தான் கடுமையாக விமர்சித்தார். அவர் சொன்னது நியாயம் என்றே நினைக்கிறேன். அதனால் வகுப்பில் நான் 0.685 என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்துவதில்லை. 72, 13, 6.9, 9,047 நான்கையும் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்.

"எங்க மாவட்டத்துக்கு இதையெல்லாம் நாங்களே பாக்கலாமுங்களா?"

பார்க்கலாம். மாநில அரசின் மனித மேம்பாட்டு அறிக்கையில் மாவட்ட வாரியாகக் குறியீடு இருக்கிறது. 2017இல் வந்ததில் முதலிடம் கன்னியாகுமரிக்கு, நம் கொங்கு மாவட்டம் எதற்கும் இல்லை. ஆனால் அதில் உள்ள எண்ணை ஐ.நா.வின் 0.685 பக்கத்தில் வைத்துப் பேசிவிடாதீர்கள். எந்தக் கீழ் எல்லை, எந்த மேல் எல்லை, எந்த விவரங்கள் என்று முதலில் பாருங்கள். அவை மாறினால் எண்ணும் மாறும். இரண்டு வருட அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து இடம் ஏறியது இறங்கியது என்று சொல்வதிலும் இதே சிக்கல் உண்டு. ஐ.நா. ஒவ்வொரு முறையும் பழைய வருடங்களையும் திருத்திப் போடுகிறது, எனவே பழைய வருட எண்ணையும் புதிய அறிக்கையிலிருந்தே எடுக்க வேண்டும்.

எனக்குக் கேட்டால், குறியீட்டைவிட தேசியக் குடும்பநல ஆய்வின் மாவட்டத் தகவல் தாளை எடுங்கள். ஐந்தாம் சுற்று 2019-21இல் எடுத்தது, மாவட்டத்துக்குச் சில பக்கங்கள், இணையத்தில் இலவசம். அதில் பத்து வருடமாவது படித்த பெண்கள் எத்தனை சதவீதம், பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணமான பெண்கள் எத்தனை சதவீதம், இரத்தச்சோகை உள்ள குழந்தைகள் எத்தனை சதவீதம் என்ற மூன்று வரிகளை மட்டும் ஈரோடு, திருப்பூர், கன்னியாகுமரி மூன்றுக்கும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தலா வருமான வரிசையில் எந்த மாவட்டம் எங்கே நிற்கிறது என்பதை அதன் பக்கத்தில் எழுதிவிட்டு, எந்த வரியில் வரிசை மாறுகிறதோ அந்த வரியிலிருந்து அடுத்த வகுப்பைத் தொடங்கலாம்.